‘நெஞ்சில நோ’ என்றால் வலி இல்லை என்று அர்த்தமா?

வெள்ளவத்தையில் என் டிஸ்பென்சரிக்கு வந்த அந்த அம்மாவுக்கு 62 வயது, 14 வருடமாகச் சீனி வருத்தம். “மாடிப்படி ஏறினா நெஞ்சில நோ, டொக்டர். கொஞ்சம் நிண்டா போயிடும்” என்றார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி, இதய நிபுணருக்கு ஒரு கடிதமும் தருவதாகச் சொன்னேன். பேச்சைக் கேட்டுக் குறிப்பு எழுதும் ஒரு கருவியை அந்த வாரம்தான் பரீட்சார்த்தமாக மேசையில் வைத்திருந்தேன்.

இரவு கடிதத்தோடு இணைப்பதற்காகக் குறிப்பைத் திறந்தால், அதில் இப்படி இருந்தது: `Chest pain: No`.

எங்கே பிழைத்தது என்று பார்க்க, சொல்லுக்குச் சொல் எழுதிய பிரதியைத் திறந்தேன். அங்கே `nenjila no` என்று சரியாகத்தான் இருந்தது. இந்தக் கருவிகள் இரண்டு படிகளில் வேலை செய்கின்றன. முதல் படி ஒலியை எழுத்தாக்கும், இரண்டாவது படி அந்த எழுத்தைச் சுருக்கி மருத்துவக் குறிப்பாக்கும். நாங்கள் கொழும்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் கதைக்கிறோம். அதனால் நம்முடைய ‘நோ’வை இரண்டாவது படி ஆங்கில ‘நோ’ என்று எடுத்துக்கொண்டது. பிரதியைப் பார்க்கிறவருக்குச் சந்தேகமாவது வரும். குறிப்போ பிசிறில்லாத மருத்துவ ஆங்கிலத்தில் இருப்பதால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். (அதே குறிப்பில் ‘சீனி வருத்தம்’ மனச்சோர்வாக மாறியிருந்தது வேறு கதை.)

இது சின்னப் பிழை இல்லை. நடந்தால் வந்து நின்றால் போகும் நெஞ்சு நோவில், ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. பலருக்கு நன்றாகவே இருக்கும். நோயாளி வாயால் சொல்லும் கதைதான் அங்கே முக்கியமான தடயம். கடிதத்தில் ‘நெஞ்சு வலி இல்லை’ என்றும், கையில் நல்ல ஈ.சி.ஜி. என்றும் இருந்தால், அடுத்த மருத்துவர் இதை அவசரமாக எடுக்க என்ன காரணம் இருக்கிறது?

இப்போது நோயாளி சொன்னதை வேறு சொல்லில் திருப்பிச் சொல்லுகிறேன். “படி ஏறும்போது நெஞ்சு வலிக்குது, நிண்டால் குறையுது. சரிதானே அம்மா?” கருவிக்கும் விளங்கும், நான் பிழையாக விளங்கியிருந்தால் அவரும் திருத்துவார். கையெழுத்துக்கு முன்னர் ‘இல்லை’ என்று வரும் வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரதியோடு ஒப்பிடுகிறேன்.

சொன்னதை மாற்றுவது ஒரு பிழை, சொல்லாததை எழுதுவது இன்னொன்று. விஸ்பர் என்ற பேச்சறி மாதிரியை ஆராய்ந்து 2024இல் வந்த ஒரு ஆய்வு, ஏறக்குறைய நூற்றில் ஒரு ஒலித்துண்டில் யாரும் பேசாத வாக்கியங்கள் முளைத்திருந்ததாகக் காட்டியது. பேச்சில் நீண்ட இடைவெளி விடுபவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. ஆங்கிலப் பேச்சிலேயே இப்படி. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும்போதும் பிரஷர் பார்க்கும்போதும் அறை மௌனமாகத்தானே இருக்கிறது? அந்த நேரம் நான் பதிவை நிறுத்திவிடுகிறேன்.

சில கருவிகள் குறிப்பு தயாரானதும் ஒலியை அழித்துவிடும். அந்தரங்கத்துக்கு அது நல்லதுதான், ஆனால் பிழை பார்க்க வழியில்லாமல் போகிறது. நான் கையெழுத்து வைக்கும்வரை வைத்திருந்து அன்றிரவே அழிக்கிறேன்.

சம்மதத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. வாசலில் ஒரு அறிவித்தலை ஒட்டிவிட்டு அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான் கேட்பது இப்படி: “ஐயா, நாங்கள் கதைக்கிறதை இது கேட்டு எழுதும். உங்கட குரல் வெளிநாட்டில இருக்கிற கணினிக்குப் போகும். விருப்பமில்லையெண்டால் நான் பேனையால எழுதுறன், வைத்தியத்தில ஒரு வித்தியாசமும் இராது.” கூட வந்த மகளிடமும் கேட்கவேண்டும், அவருடைய குரலும்தான் பதிவாகிறது.

அப்படிக் கேட்டபோது ஒரு ஐயா, “நீங்கள் செய்யிறது சரியாத்தானே இருக்கும், டொக்டர்” என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று பட்டது. “அப்ப இண்டைக்கு நிப்பாட்டி வைக்கட்டே?” என்று மாற்றிக் கேட்டேன். “நிப்பாட்டினா நல்லம்” என்றார் உடனே. நிறுத்திய பிறகுதான், மூன்று மாதமாகக் குளிசை வாங்கக் காசில்லாமல் இருந்ததைச் சொன்னார்.