உறுப்பினர், குழு, பொறுப்பாளர்: துணைவிதியில் தடுமாறும் மூன்று சொற்கள்

வாளையாரைத் தாண்டி கஞ்சிக்கோடு, பாலக்காடு பக்கம் போனால், குடியிருப்போர் சங்கங்களின் துணைவிதி பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டிருக்கும். தமிழ் வீடுகளுக்காக அதை யாராவது தமிழாக்கி வைத்திருப்பார்கள். அந்தத் தமிழ்ப்படியில் ஒரே ஆள் முதல் பக்கத்தில் அங்கத்தினர், நான்காம் பக்கத்தில் மெம்பர், கடைசியில் உறுப்பினர். நல்ல நாளில் இது யார் கண்ணிலும் படாது. தகராறு என்று வந்து ஒருவர் விதியைக் கையில் எடுத்தால்தான் சிக்கல் தெரியும்.

ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். "உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால் தலைவர் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும்." 64 வீடுகள், 11 பேர் கொண்ட குழு என்று வைப்போம். உறுப்பினர் என்றால் சங்கத்தின் உறுப்பினர் என்று படித்தால் 22 கையெழுத்து வேண்டும். அதற்கு முந்தைய விதி குழுக் கூட்டத்தைப் பற்றியது என்பதால், இதுவும் குழு உறுப்பினரைத்தான் சொல்கிறது என்று ஒருவர் வாதிட்டால் 4 கையெழுத்து போதும். இரண்டு வாதத்துக்கும் இடம் கொடுப்பது அந்த ஒரு சொல்தான்.

உறுப்பினர் என்ற சொல்லில் குறை ஒன்றும் இல்லை. ஆங்கில மெம்பர், உடலின் உறுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லான மெம்ப்ரும் என்பதிலிருந்து வந்தது. மலையாளத்தில் வழங்கும் அங்கம் வடமொழிச் சொல். அதற்கும் உடலுறுப்பு என்றே பொருள். தமிழிலும் அதே வழிதான். மனிதர்கள் சேர்ந்த ஒரு கூட்டத்தின் பகுதியை உறுப்பு என்பதும் புதிதல்ல. "உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை" என்று குறள் 761 படையின் பிரிவுகளை அப்படித்தான் சொல்கிறது. அங்கத்தினர் என்று எழுதினாலும் பொருள் மாறாது. ஆனால் ஒரு படியில் இரண்டையும் போட்டால், இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று நினைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. விதிகளை அப்படித்தான் படிப்பார்கள்: சொல் மாறினால் பொருளும் மாறியிருக்க வேண்டும்.

யார் உறுப்பினர் என்பதில் சட்டத்துக்கும் சொல் உண்டு. பாலக்காடு நகரமும் கஞ்சிக்கோடும் பழைய மலபார் பகுதி. அங்கே சங்கப் பதிவுக்கு வழிவழியாக வருவது 1860ஆம் ஆண்டுச் சட்டம். பக்கத்திலேயே இருக்கும் சிற்றூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது என்பதால், அங்கே 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். 1860 சட்டத்தின் 15ஆம் பிரிவு உறுப்பினரை வரையறுக்கிறது: விதிப்படி சேர்க்கப்பட்டு, சந்தா செலுத்தியவர் அல்லது உறுப்பினர் பட்டியலில் கையெழுத்திட்டவர், விதிப்படி விலகாதவர். சந்தா பாக்கி மூன்று மாதத்தைத் தாண்டினால், அந்தச் சட்டப்படியான நடவடிக்கைகளில் அவருக்கு வாக்கும் இல்லை, உறுப்பினர் கணக்கிலும் அவர் வரமாட்டார். ஆகவே தெருவில் குடியிருப்பவர் எல்லாரும் உறுப்பினர் அல்ல. தமிழ்ப்படியில் 'குடியிருப்போர்' என்று வரும் இடங்களில் வாடகைக்கு இருப்பவரும் அடங்குவாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சந்தா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மலையாளத்தில் சந்தாவுக்கு 'வரிசங்க்ய' என்பார்கள். அதை அப்படியே 'வரித்தொகை' என்று தமிழாக்கிவிட்டால், சங்கம் வரி போடுவதாகத்தான் தமிழர் படிப்பார்கள்.

அடுத்தது கமிட்டி. ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் கூட்டத்தைக் குறிக்கவில்லை. ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட தனி ஆளைத்தான் குறித்தது. மனநிலை தவறியவரைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவருக்குக்கூட பழைய ஆங்கிலச் சட்டத்தில் இதே பெயர். பலர் சேர்ந்த அமைப்பு என்ற பொருள் பிறகு வந்தது. தமிழில் இதற்கு வாரியம் என்ற அருமையான சொல் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது என்ற விதியும் உண்டு. ஆனால் இன்று வாரியம் என்றால் மின்வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று அரசு அமைப்புதான் கண்முன் வரும். குழு என்பதே போதும். செயற்குழு, நிர்வாகக் குழு, ஆட்சிக்குழு என்று மூன்றையும் கலக்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டால் சரி. நான் செயற்குழு என்பேன், காரணம் அடுத்த சொல்லில் இருக்கிறது.

உண்மையான சிக்கல் மூன்றாவது சொல்லில்தான். மலையாளத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் போன்றவர்களைப் பாரவாகி என்பார்கள், அதாவது பாரம் சுமப்பவர். பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் பேச்சிலும் அதுவே வரும். தமிழ்ப்படிக்கு வரும்போது அது நிர்வாகி ஆகிவிடுகிறது. பக்கத்திலேயே நிர்வாகக் குழு என்று இருந்தால், அந்தக் குழுவில் இருக்கும் 11 பேரும் நிர்வாகிகள் என்று படிப்பது இயல்பு. "நிர்வாகிகள் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது" என்ற விதி மூலத்தில் நான்கு பேருக்கு மட்டும் போட்டதாக இருக்கும். தமிழில் பதினொரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும். அலுவலர் என்று போட்டால் இன்னும் மோசம், சம்பளம் வாங்கும் ஊழியர் போல ஆகிவிடும்.

பொறுப்பாளர் என்பதே சரி. பொறு என்றால் தாங்கு, சும. பொறை என்றால் சுமை. சுமப்பவர் என்ற கருத்து பாரவாகியில் இருப்பதுபோல் இதிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 1860 சட்டம் 16ஆம் பிரிவில் ஆட்சிக்குழுவை வரையறுக்கிறது, பொறுப்பாளர் யார் என்று தனியாக வரையறுப்பதில்லை. வழக்கு யார் பெயரில் என்று சொல்லும் 6ஆம் பிரிவிலும் தலைவர், முதன்மைச் செயலாளர் என்று பதவிகள்தான் வருகின்றன. ஆகவே அதைத் துணைவிதியே சொல்லியாக வேண்டும்.

வரையறை விதியை இப்படி எழுதலாம்: "உறுப்பினர் என்பது சங்கத்தின் உறுப்பினரை மட்டும் குறிக்கும். செயற்குழு என்பது பொதுக்குழு தேர்ந்தெடுத்த 11 பேர் கொண்ட குழு. பொறுப்பாளர் என்பது தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய நால்வர். மற்ற எழுவரும் செயற்குழுவினர், பொறுப்பாளர் அல்லர்." குழுவில் இருப்பவரை 'குழு உறுப்பினர்' என்று சொல்லாமல் 'செயற்குழுவினர்' என்றே எல்லா இடத்திலும் எழுதினால், 22க்கும் 4க்கும் இடையிலான வாதம் எழவே எழாது.

அப்புறம் தேடல். உறுப்பினரை, உறுப்பினருக்கு என்று உருபு சேர்ந்தால் கடைசி எழுத்து மாறிவிடும் என்பதால், உறுப்பினர் என்று முழுதாகத் தேடாமல் 'உறுப்பின' என்று தேட வேண்டும். அங்கத்தின, மெம்ப, கமிட்டி, குழு, சமிதி, நிர்வாகி, பாரவாகி ஆகியவற்றையும் தேட வேண்டும். 'நிர்வாகக் குழு' இடைவெளியோடும் இல்லாமலும் இருக்கும் என்பதால் 'குழு' மட்டும் தேடுவது நல்லது. கிடைத்த எல்லாவற்றையும் ஒரே தட்டலில் மாற்றக் கூடாது. நிர்வாகியைப் பொறுப்பாளர் ஆக்கினால் 'நிர்வாகியின்' என்பது 'பொறுப்பாளர்யின்' என்று நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, நிர்வாகி என்பது ஓரிடத்தில் நால்வரையும் இன்னோரிடத்தில் பதினொருவரையும் குறித்திருந்தால், எழுத்துப்பிழை இல்லாமல் விதியே மாறிப்போகும். மூலத்தை வைத்து ஒவ்வொரு இடத்தையும் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மூலத்திலேயே தெளிவில்லை என்றால் திருத்துபவர் தானாக முடிவு செய்யக் கூடாது. ஓரத்தில் கேள்வி எழுதிச் செயலாளரிடம் கொடுத்து, பொதுக்குழு தீர்மானிக்கட்டும் என்று விட வேண்டும். எந்த மொழிப்படி பதிவாகிறதோ அதுவே செல்லும் என்ற வரியைத் தமிழ்ப்படியின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுவது நல்லது.