புகழுரையா, நினைவுரையா?

மலையகத்து ஆலயங்களில் ஒருவரை நினைந்து ஆராதனை நடந்தால், வாசலில் கையில் தரும் ஆராதனை முறைத் தாளில் ‘புகழுரை’ என்று ஒரு வரி இப்போது தவறாமல் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, எங்கே போனாலும் இதுதான். அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கான நினைவு ஆராதனைத் தாளிலும் அதே வரி: ‘புகழுரை – 10 நிமிடம்’. ஆங்கிலத் தாளில் ‘யூலஜி’ என்று இருந்ததை யாரோ அகராதியைப் பார்த்து மாற்றியிருக்கிறார்கள். இந்தச் சொல் இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். சொல் பொருந்தாவிட்டால் அதன்கீழ் வந்து பேசுகிறவரும் தடம் மாறிப் போகிறார். அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. யூலஜி என்பது ‘யூலோகியா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘யூ’ என்றால் நல்ல. ‘லோகோஸ்’ என்றால் சொல். ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று யோவான் தொடங்கும் இடத்தில் உள்ள வார்த்தையும் இந்த லோகோஸ்தான். இரண்டும் சேர்ந்தால் நற்சொல். இறந்தவரைப் பற்றிய உரை என்ற பொருள் பின்னாளில் இறுகியது.

‘நற்சொல் என்றால் புகழ்தானே, புகழுரையில் என்ன பிழை?’ என்று கேட்பார்கள். சரி, அப்படியானால் இந்தச் சொல்லை வேதாகமம் எப்படி எடுத்தாண்டது என்று பார்ப்போம். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் யூலோகியா பல இடங்களில் வருகிறது. வெளிப்படுத்தல் 5:12இல் ஆட்டுக்குட்டியானவர் பெறத் தகுதியானவை என்று ஒரு வரிசை உண்டு. அதில் கடைசியாக நிற்பது யூலோகியா. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அதை ‘ஸ்தோத்திரம்’ என்கிறது. 1 கொரிந்தியர் 10:16இல் திருவிருந்துக் கிண்ணத்தைச் சொல்லும்போது அதே சொல் ‘ஆசீர்வாதம்’ ஆகிறது. ஆக, துதியாக மேலே போனால் அது கடவுளுக்கு உரியது, ஆசீராகக் கீழே வந்தால் கடவுளிடமிருந்து வருவது. மனிதர் மனிதரை நோக்கிப் பேசும் யூலோகியா ரோமர் 16:18இல் இருக்கிறது. கபடமில்லாதவர்களை ஏமாற்றுகிறவர்களைப் பற்றிப் பவுல் எச்சரிக்கும் இடம் அது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் போட்ட சொல் ‘இச்சகப்பேச்சு’. அவர்கள் இடமறிந்து சொல் தேர்ந்தார்கள். ஒரே கிரேக்கச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள், மூன்றும் சரி. இன்று தாள் தயாரிக்கிறவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை இதில் இன்னும் கண்டிப்பானது. அடக்கத் திருப்பலியில் சுருக்கமான மறையுரை இருக்க வேண்டும், எவ்வகைப் புகழுரையும் அதன் இடத்தில் வரக்கூடாது என்பது திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையிலேயே உள்ள விதி. ஆனால் நற்கருணைக்குப் பின்வரும் மன்றாட்டு முடிந்து, இறுதிப் பிரியாவிடைச் சடங்கு தொடங்குமுன், குடும்பத்தவரோ நண்பரோ இறந்தவரை நினைந்து சில வார்த்தைகள் பேசலாம். புகழ்வதற்குத் தடை, நினைவுகூர்வதற்கு இடம். இந்த வேறுபாட்டைத் திருச்சபையே காட்டித் தந்திருக்கும்போது, பாதர் அனுமதித்த அந்தச் சில நிமிடங்களுக்குப் ‘புகழுரை’ என்றே தலைப்பிட்டு அச்சடிப்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும் வேலை.

தமிழ் வழக்கும் எனக்குத்தான் துணை நிற்கிறது. புகழுரை நம்மிடையே உயிரோடு இருப்பவர்களுக்கு உரியது. பொன்னாடை போர்த்தி, மாலையிட்டு, மேடையில் உட்கார வைத்துச் சொல்வது. பாடசாலை விழாக்களில் அதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். அதனால் தாளில் அந்தச் சொல்லைக் கண்டதும் பேச்சாளருக்கு அந்த மேடைதான் ஞாபகம் வருகிறது. ‘மலையகக் கல்வி வானின் விடிவெள்ளி, ஏணியாய் நின்றவர், மெழுகாய் உருகியவர்’ என்று தொடங்கிவிடுகிறார். இந்த வரிகளை எந்த ஆசிரியருக்கும் சொல்லலாம். பெயரை மாற்றி அடுத்த மாதம் வேறொருவருக்கும் வாசிக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதில் தங்கள் அம்மா எங்கும் தென்படமாட்டார்.

நம்முடைய பழைய இலக்கியத்தில் இறந்தவரைப் பாடும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவது. அதன் தொடக்கத்தில் வள்ளல், வீரன் என்று எந்த அடைமொழியும் இல்லை. ‘சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே’ என்று ஆரம்பிக்கிறார். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான், அதெல்லாம் போய்விட்டதே என்கிறார். கள்ளைப் பற்றிய பாட்டு ஆலயத்தில் எதற்கு என்று கோபிக்க வேண்டாம். அவர் செய்ததைப் பாருங்கள். ஒரு பழக்கத்தைச் சொன்னார், ஆள் கண்முன் வந்துவிட்டான். புகழ வேண்டிய அவசியமே எழவில்லை.

‘இரங்கலுரை’ என்று போடுகிறவர்களும் உண்டு. அது புகழுரையை விட நல்ல சொல், ஆனால் அதன் நேரம் வேறு. அடக்கத்தன்று மரண வீட்டு முற்றத்திலோ மயானத்திலோ பேசுவது இரங்கலுரை. லயத்து வாசலில் ஒப்பாரி அடங்கி, பெட்டி மூடுமுன் சொல்லப்படுவது. நினைவு ஆராதனையோ முப்பத்தோராம் நாளிலோ ஆண்டு நிறைவிலோ நடக்கிறது. அழுகை ஆறி, மனம் ஒருவரை முழுமையாக எண்ணிப் பார்க்கும் நேரம் அது. ‘அஞ்சலி’ கைகூப்புதலைக் குறிக்கும் சொல். மலர் வைப்பதற்கும் மௌனமாக நிற்பதற்கும் அது போதும், பத்து நிமிடப் பேச்சுக்குப் போதாது. ‘சாட்சி’ என்பது கடவுள் எனக்குச் செய்ததைச் சொல்வது. டீச்சரைப் பற்றிய பேச்சில் அதற்கும் இடம் உண்டு, முழுப் பேச்சும் அதுவாகிவிட்டால் பேசுகிறவரின் கதையாகிவிடும்.

எனவே ‘நினைவுரை’. வேதாகமத்திலும் இதற்கு வலுவான வேர் இருக்கிறது. ‘என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்’ என்று ஆண்டவர் சொன்னதை ஒவ்வொரு திருவிருந்திலும் கேட்கிறோம். எபிரெயர் 13:7 நமக்குப் போதித்து நம்மை நடத்தினவர்களை நினைக்கச் சொல்கிறது, அவர்கள் நடந்த விதத்தைச் சிந்திக்கச் சொல்கிறது. புகழுங்கள் என்று அங்கே இல்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. ‘நினைவுப் பேருரை’ என்று நம் நாட்டில் வேறொன்று உண்டு. ஒருவர் பெயரால் ஆண்டுதோறும் ஓர் அறிஞர் ஏதாவது ஒரு பொருள் பற்றி மணிக்கணக்கில் ஆற்றுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, டீச்சரின் நினைவுரையில் பெருந்தோட்டக் கல்வி வரலாற்றை 1854ஆம் ஆண்டு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியதிலிருந்து எடுத்துச் சொல்லப் புறப்படக்கூடாது.

முதலில் சொன்ன அந்த ஆராதனையையே எடுத்துக்கொள்வோம். பேச இருந்தவர் டீச்சரின் பழைய மாணவி. தாள் அச்சுக்குப் போகுமுன் தலைப்பை ‘நினைவுரை’ என்று மாற்ற முடிந்தது. அதற்கு முன் அவர் எழுதியிருந்த பேச்சில் முதல் பக்கம் முழுக்க விளிப்புகள்: போதகர் அவர்களே, அதிபர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே. இரண்டாம் பக்கம் விடிவெள்ளியும் ஏணியும். மூன்றாம் பக்கத்தில் 2 தீமோத்தேயு 4:7ஐ எடுத்து அதற்கு விளக்கம். நல்ல போராட்டம் என்றால் என்ன, ஓட்டம் என்றால் என்ன என்று ஒரு சிறு பிரசங்கம். அதே வசனத்தில்தான் போதகர் செய்தி கொடுக்க இருந்தார். டீச்சர் செய்த காரியம் ஒன்று கடைசிப் பந்தியில்தான் தலைகாட்டியது.

நிதானமாக, இருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழை வாசித்தால் நிமிடத்துக்கு எண்பது சொல் போகும். பத்து நிமிடத்துக்கு எண்ணூறு. எழுந்து வரவும், குரல் தழுதழுத்தால் நிற்கவும் இடம் விட்டால் அறுநூற்றைம்பதுக்கு மேல் எழுதக்கூடாது. ஆராதனையில் ஏற்கெனவே இரண்டு வாசகங்கள் இருந்தன: தானியேல் 12:3, எபிரெயர் 13:7. ‘அநேகரை நீதிக்குட்படுத்துகிறவர்கள் நட்சத்திரங்களைப்போலவும்’ பிரகாசிப்பார்கள் என்று சபை கேட்டு முடித்திருக்கும். வாசகமே அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்ட பிறகு பேச்சாளர் மறுபடி விடிவெள்ளியைத் தேட வேண்டாம். அந்த வசனத்தை ஒரே ஒரு தரம் தொட்டால் போதும், அதுவும் விளக்கமில்லாமல்.

விளிப்புகள் ‘டீச்சரின் குடும்பத்தாருக்கும் அனைவருக்கும் வணக்கம்’ என்ற ஒற்றை வரியாகின. அப்புறம் மாணவி எழுதி வந்தது இரண்டே காரியங்கள். ஒன்று, தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாகப் பதிந்திருந்தால், சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்துக்கு முன் அதைத் திருத்த டீச்சர் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போனது. இந்த மாணவியின் பெயரும் அப்படித் திருத்தப்பட்டதுதான். மற்றது டீச்சரின் கோபம். கொப்பியில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் அவர் விடமாட்டார். பிரம்பும் இருந்தது. புகழுரை என்ற தலைப்பின்கீழ் பிரம்பைச் சொல்ல முடியாது. ஆனால் ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பிரம்பு தெரியும். அதை மறைத்திருந்தால் மற்றதையும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். பின்னாளில் அதே மாணவியிடம், ‘அடிச்சிருக்கக் கூடாது, மகள்’ என்று டீச்சர் சொன்னதும் பேச்சில் வந்தது. பேச்சு ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்தது. போதகர் தம் செய்தியில் எதையும் திருப்பிச் சொல்ல நேரவில்லை.

தாள் தயாரிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றாதீர்கள். அந்த வரியில் யார் எழுந்து வந்து, எதைச் செய்யப்போகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘நினைவுரை – பழைய மாணவி – 10 நிமிடம்’ என்று வாசகங்களுக்குப் பின்னும் செய்திக்கு முன்னும் போடுங்கள். கத்தோலிக்க ஆலயமானால் நற்கருணை மன்றாட்டுக்குப் பின் போடுங்கள். அந்தத் தாளை அச்சுக்கு முன், குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்னராவது, பேசப்போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.