பத்திக் கட்டம் ஓரத்தைத் தாண்டுவதும் பக்கத்துப் பத்தியோடு ஒட்டிக்கொள்வதும்: ஒரு கையேட்டின் அனுபவம்

சில மாதங்களுக்கு முன் ஓர் இயந்திரப் பராமரிப்புக் கையேடு வேர்டு கோப்பாக என்னிடம் வந்தது. உள்ளடக்கத்தைத் திருத்தும் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. பக்க அமைப்பைச் சரிபார்த்து அச்சுக்குத் தயாராக்குவது மட்டுமே என் பொறுப்பு. தாளில் எடுத்த முதல் அச்சுப் பிரதியைப் பார்த்த பராமரிப்புப் பொறியாளர் இரண்டு இடங்களில் பேனாவால் வட்டமிட்டிருந்தார். ஒன்று, சாம்பல் நிற எச்சரிக்கைக் கட்டங்கள் எல்லாம் மற்ற எழுத்துகளைவிட இருபுறமும் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மற்றொன்று, 6ஆம் படியின் முடிவில் இருந்த எச்சரிக்கையும் 7ஆம் படியின் தொடக்கத்தில் இருந்த எச்சரிக்கையும் ஒரே கட்டத்துக்குள் ஒன்றாகிவிட்டிருந்தன.

முதலாவது கண்ணுக்கு உறுத்தும் குறை என்றால், இரண்டாவது கையில் காயம் ஏற்படுத்தக்கூடிய குறை. 6ஆம் படியின் எச்சரிக்கை, மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. 7ஆம் படியின் எச்சரிக்கை, காற்றழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைக் கழற்றக் கூடாது என்கிறது. இரண்டும் ஒரே கட்டத்துக்குள் 6ஆம் படியின் கீழே நின்றால், 7ஆம் படியை மட்டும் செய்யப் புத்தகத்தைத் திறக்கும் தொழிலாளி, அந்தக் கட்டம் முழுவதும் முந்தைய படிக்கு உரியது என்று நினைத்துத் தாண்டிவிடுவார்.

இந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒரே தவறான எண்ணத்தில் இருக்கிறது. பக்கத்தில் தெரியும் கட்டத்தை, எழுத்துகளை உள்ளே வைத்த ஒரு பெட்டியாக நாம் நினைத்துக்கொள்கிறோம். வேர்டில் அப்படி ஒரு பெட்டி இல்லை. ஒவ்வொரு பத்திக்கும், எழுத்துரு அளவும் வரி இடைவெளியும் எப்படி ஒரு பண்போ அப்படியே, மேல், கீழ், இடம், வலம் என்ற நான்கு கோடுகளும் அந்தப் பத்தியின் பண்புகள். அவற்றை எங்கே வரைவது என்பதை எழுத்திலிருந்து வெளிப்புறமாக அளந்து வேர்டு முடிவுசெய்கிறது; எப்போது வரையாமல் விடுவது என்பதைப் பக்கத்துப் பத்தியோடு ஒப்பிட்டு முடிவுசெய்கிறது.

முதலில் நீட்டலைப் பார்ப்போம். Borders and Shading உரையாடல் பெட்டியில் Options பொத்தானை அழுத்தினால் From text என்ற தலைப்பின் கீழ் நான்கு அளவுகள் தெரியும். இயல்பாக மேலும் கீழும் 1 பாயின்ட், இடமும் வலமும் 4 பாயின்ட் இருக்கும். கோப்பின் உள்ளே இது இவ்வாறு பதிவாகிறது:

```
<w:pBdr>
  <w:top w:val="single" w:sz="4" w:space="1" w:color="auto"/>
  <w:left w:val="single" w:sz="4" w:space="4" w:color="auto"/>
  <w:bottom w:val="single" w:sz="4" w:space="1" w:color="auto"/>
  <w:right w:val="single" w:sz="4" w:space="4" w:color="auto"/>
</w:pBdr>
```

இதில் `w:space` என்பது எழுத்துக்கும் கோட்டுக்கும் இடையிலான தூரம், பாயின்ட்டில். `w:sz` என்பது கோட்டின் தடிமன், ஆனால் பாயின்ட்டின் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில். ஆகவே 4 என்றால் அரை பாயின்ட். எழுத்து பக்க ஓரத்தில் சரியாகத் தொடங்குகிறது. அதற்கு வெளியே 4 பாயின்ட் இடைவெளி விட்டு, அரை பாயின்ட் தடிமனில் கோடு விழுகிறது. மொத்தம் 4.5 பாயின்ட், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், ஒவ்வொரு பக்கமும் ஓரத்துக்கு வெளியே போகிறது. நான் சொல்லும் கையேட்டில் ஏ4 தாள், இருபுறமும் 2.5 சென்டிமீட்டர் ஓரம், எழுத்துப் பகுதியின் அகலம் 16 சென்டிமீட்டர். எச்சரிக்கைக் கட்டங்களை அளவுகோலால் அளந்தபோது 16.3 சென்டிமீட்டர் இருந்தன. கணக்கு சரியாகப் பொருந்தியது.

பின்னணி நிறமும் இந்தக் கோட்டைத்தான் பின்தொடர்கிறது. கோடு இல்லாத பத்திக்கு நிறம் கொடுத்தால் அது எழுத்துப் பகுதியின் அகலத்தோடு நின்றுவிடும். கோடு சேர்த்தவுடன் நிறம் கோடுவரை விரிந்துவிடும். கோடு வெள்ளை நிறத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இப்படித்தான் நடக்கும். அதனால்தான் அதே கையேட்டில் கோடில்லாத ‘குறிப்பு’ப் பத்திகள் ஓர் அகலத்திலும் கோடுள்ள ‘எச்சரிக்கை’ப் பத்திகள் வேறோர் அகலத்திலும் தெரிந்தன, நிறம் மட்டும் தானாக வழிகிறது என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் நினைத்ததும் இதனால்தான்.

இதைச் சரிசெய்யப் பலரும் முதலில் செய்வது From text அளவை 0 ஆக்குவது. அது பயன் தராது. எழுத்து கோட்டில் முட்டிக்கொள்ளும்; கோட்டின் தடிமன் அளவுக்கு நீட்டல் அப்போதும் மிஞ்சியிருக்கும். கோடு வெளியே போகும் அளவுக்கு எழுத்தை உள்ளே தள்ளுவதே சரியான வழி. Paragraph பெட்டியில் Indentation பகுதியில் Left, Right இரண்டிலும் `4.5 pt` என்று அலகோடு சேர்த்துத் தட்டச்சு செய்தால் வேர்டு அதை ஏற்றுக்கொண்டு, சென்டிமீட்டரில் 0.16 என்று காட்டும். கோட்டை 1 பாயின்ட்டாகத் தடிமனாக்கினால் இந்த அளவும் 5 பாயின்ட்டாக மாற வேண்டும். இரண்டும் சேர்ந்தே மாற வேண்டியவை என்பதால், தனித்தனிப் பத்திகளில் இதைச் செய்யாமல், ‘எச்சரிக்கை’ என்ற பெயரில் ஒரு ஸ்டைல் உருவாக்கி, அதற்குள் கோட்டையும் உள்தள்ளலையும் வைத்துவிடுவது என் வழக்கம்.

கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து மற்ற வரிகளோடு நேராக நிற்க வேண்டும், கட்டம் வெளியே போனால் போகட்டும் என்று கருதுகிறவர்களும் உண்டு. தனியாக ஒரு கடிதத்தில் அது நன்றாகவே இருக்கலாம். ஆனால் படங்களும் டேபிள்களும் நிறைந்த கையேட்டில் அவற்றின் விளிம்புகளோடு கட்டத்தின் விளிம்பும் நேராக நிற்பதையே நான் விரும்புகிறேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேர்டு 2013 முதல் உருவாக்கப்படும் கோப்புகளில் டேபிளின் விளிம்பு பக்க ஓரத்தோடு நேராக நிற்கிறது, பழைய கோப்பு Compatibility Mode-இல் திறந்திருந்தால் டேபிளும் வெளியே நீட்டும். பத்தியைச் சரிசெய்த பிறகும் விளிம்புகள் பொருந்தாவிட்டால், தலைப்புப் பட்டையில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இனி ஒட்டிக்கொள்ளும் சிக்கல். அடுத்தடுத்து வரும் இரண்டு பத்திகளின் கோட்டு அமைப்புகள் எல்லாம் ஒன்றாக இருந்து, இட வல உள்தள்ளலும் ஒன்றாக இருந்தால், வேர்டு அவற்றை ஒரே கட்டமாகக் கருதுகிறது. முதல் பத்தியின் கீழ்க்கோட்டையும் இரண்டாவதன் மேல்கோட்டையும் வரையாமல் விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே நீங்கள் கொடுத்த பத்தி இடைவெளியும் கட்டத்துக்குள் அடங்கி நிறம் பெற்றுவிடுகிறது. ஆகவே Space After அளவை எவ்வளவு கூட்டினாலும் கட்டம் உயரமாகுமே தவிரப் பிரியாது. பல பத்திகள் கொண்ட ஒரே எச்சரிக்கையை ஒரு கட்டத்துக்குள் வைக்க இந்த விதி அவசியம். இரண்டு தனி எச்சரிக்கைகள் அடுத்தடுத்து வரும்போது மட்டுமே இது நமக்கு எதிராகத் திரும்புகிறது.

மூன்று ஹைஃபன் தட்டி என்டர் அழுத்தினால் தானாக விழும் கோடு, அடுத்தடுத்து என்டர் அழுத்தும்போது கீழே கீழே நகர்வதாகத் தெரிவதும் இதே விதியால்தான். அந்தக் கோடு மேலே உள்ள பத்தியின் கீழ்க்கோடு. அந்தப் பத்தியின் முடிவில் என்டர் அழுத்தினால் புதிய பத்தியும் அதே கோட்டோடு பிறந்து முந்தையதோடு ஒன்றுகிறது, கடைசிப் பத்தியின் கீழ் மட்டுமே கோடு தெரிகிறது.

கையேட்டில் என்ன நடந்தது என்று பார்க்க, பழைய பதிப்பின் கோப்பைக் கேட்டு வாங்கினேன். Ctrl+Shift+8 அழுத்திப் பத்திக் குறிகளைத் தெரியவைத்தபோது காரணம் புலப்பட்டது. பழைய கோப்பில் இரண்டு எச்சரிக்கைகளுக்கும் நடுவே ஒரு வெற்றுப் பத்தி இருந்தது. அதற்குக் கோடு இல்லாததால் கட்டங்கள் பிரிந்து நின்றன. உள்ளடக்கத்தைத் திருத்தும்போது யாரோ நல்ல எண்ணத்தோடு, தேடி மாற்றும் வசதியில் `^p^p` என்பதை `^p` ஆக்கி வெற்றுப் பத்திகளை எல்லாம் நீக்கியிருக்கிறார். மற்ற இடங்களில் அது நல்ல துப்புரவு வேலை. இங்கே மட்டும், ஓர் எழுத்துகூட மாறாமல், இரண்டு எச்சரிக்கைகள் ஒன்றாகிவிட்டன. சொற்களை மட்டும் ஒப்பிட்டுப் படித்த மெய்ப்புத் திருத்துநர் கண்ணில் இது படவில்லை என்பதில் வியப்பில்லை.

வெற்றுப் பத்தியை மீண்டும் செருகுவது எளிது. ஆனால் அடுத்த துப்புரவில் அது மறுபடியும் போய்விடும். Borders and Shading பெட்டியில் Custom அமைப்பைத் தேர்ந்து, நடுவில் உள்ள கிடைக்கோட்டை இயக்கினால், ஒன்றான பத்திகளுக்கு இடையே ஒரு கோடு விழும். ஆனால் ஒரே எச்சரிக்கைக்குள் இருக்கும் இரண்டு பத்திகளுக்கு நடுவிலும் அது விழுந்துவிடும் என்பதால் அதை நான் ஏற்கவில்லை. நான் செய்தது இது: ‘எச்சரிக்கை’ ஸ்டைலை அடிப்படையாகக் கொண்டு ‘எச்சரிக்கை-அடுத்தது’ என்று இரண்டாவது ஸ்டைல் உருவாக்கி, அதன் வலப்புற உள்தள்ளலை மட்டும் 4.5 பாயின்ட்டிலிருந்து 5 பாயின்ட்டாக மாற்றினேன். அரை பாயின்ட் என்பது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு, தாளில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேர்டுக்கு அவை இப்போது வேறு வேறு உள்தள்ளல் உள்ள பத்திகள். இரண்டு கட்டங்களும் நான்கு கோடுகளோடும் தனித்தனியே நின்றன; 6 பாயின்ட் பத்தி இடைவெளி அவற்றுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது.

இதே விதி தலைகீழாகவும் வேலை செய்கிறது. கையேட்டின் வேறொரு பக்கத்தில், ஒரே எச்சரிக்கைக்குள் எண்ணிட்ட மூன்று வரிகளை யாரோ சேர்த்திருந்தார்கள். பட்டியல் வரிகளின் உள்தள்ளல் வேறு என்பதால் கட்டம் உடைந்து, எண்ணிட்ட வரிகளைச் சுற்றி மட்டும் ஒடுங்கிய இன்னொரு கட்டம் விழுந்திருந்தது. பட்டியல் உள்ள எச்சரிக்கைகளுக்குப் பத்திக் கோட்டை விட்டுவிட்டு, ஒரே ஒரு அறை கொண்ட டேபிளைப் போட்டு, கோட்டையும் நிறத்தையும் அந்த அறைக்குக் கொடுப்பதே நிம்மதி. அறைக்குள் உள்தள்ளல் எப்படி மாறினாலும் வெளிக்கோடு அசையாது.

உடைந்த கட்டத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது, ஒரு பத்தியில் நின்று Shift+F1 அழுத்தினால் Reveal Formatting பலகை திறக்கும். அதில் Compare to another selection என்பதைத் தேர்ந்து, அடுத்த பத்தியைச் சொடுக்கினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள் வரிசையாகத் தெரியும். வேறோர் இடத்திலிருந்து ஒட்டிய பத்தியில் கோட்டின் நிறம் Automatic என்றும் மற்றதில் கறுப்பு என்றும் இருப்பது போன்ற, திரையில் ஒரே மாதிரியாகத் தோன்றும் வேறுபாடுகளைக்கூட இப்படிப் பிடித்துவிடலாம்.

லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல்: அங்கே இந்த ஒன்றாக்கும் விதியை இயக்கவும் நிறுத்தவும் Borders பகுதியில் Merge with next paragraph என்ற தேர்வு இருக்கிறது. அங்கே கட்டம் ஓரத்திலேயே நிற்கும், எழுத்துதான் உள்ளே ஒதுங்கும். இரண்டு மென்பொருள்களுக்கும் இடையே கோப்பு போய்வந்தால், கட்டங்கள் உள்ள பக்கங்களை மட்டுமாவது மறுபடி பார்த்துவிட வேண்டும்.

கையேடு அச்சுக்குப் போகும் முன், எச்சரிக்கைகளை மட்டும் எண்ணிப் பார்த்தோம். உள்ளடக்கப் பட்டியலில் 41 எச்சரிக்கைகள் இருந்தன. பிடிஎஃபில் 39 கட்டங்கள்தான் இருந்தன. ஒட்டிக்கொண்ட வேறு இரண்டு இணைகள், யாரும் வட்டமிடாத பக்கங்களில் இருந்தன. அவற்றையும் பிரித்த பிறகே கோப்பை அனுப்பினோம்.