மார்கோவ் சங்கிலி

ஓர் உரையில் இரண்டு சொற்கள் எத்தனை முறை அடுத்தடுத்து வந்தன என்று எண்ணி வைத்து, அந்தக் கணக்குப்படி அடுத்த சொல்லைக் குலுக்கல் முறையில் எடுத்து எழுதும் சின்ன நிரலுக்கு அடிப்படை மார்கோவ் சங்கிலி. பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவர்கள் பலரும் ஒரு தடவையாவது இதைச் செய்து பார்த்திருப்பார்கள்.

பெயர் ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்கோவிடமிருந்து வந்தது. அவர் 1913-இல் புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ நூலில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர், மெய் என்று பிரித்துக் கையாலேயே எண்ணினார். மெய்க்கு அடுத்து உயிர் வந்தது சுமார் 66 விழுக்காடு. உயிருக்கு அடுத்து உயிர் வந்தது சுமார் 13 மட்டுமே. ஆக, அடுத்த எழுத்து முந்தியதைப் பொறுத்தே அமைகிறது. 1948-இல் கிளாட் ஷானன் இதே முறையைச் சொற்களுக்கும் கொண்டுவந்தார்.

நம்மூர்ப் பேச்சிலேயே பார்ப்போம். நிரலுக்குக் கொடுப்பது மூன்றே வாக்கியங்கள்:

அத்தை டவுனில் அல்வா வாங்கினாள்.
அக்கா டவுனில் அல்வா வாங்கினாள்.
தம்பி டவுனில் அல்வா தின்றான்.

‘அல்வா’வுக்கு அடுத்து ‘வாங்கினாள்’ இருமுறை, ‘தின்றான்’ ஒருமுறை. பைதான் மொழியில், வந்த சொற்களை வந்தபடியே பட்டியலில் போட்டு, ஒன்றை உருவினால் போதும்:

```
import random
random.choice(["வாங்கினாள்", "வாங்கினாள்", "தின்றான்"])
```

குடத்தில் ஒரே பேரில் இரண்டு சீட்டு கிடந்தால் அந்தப் பேர் வர வாய்ப்பு இரட்டிப்பு, அவ்வளவுதான். ‘அத்தை’யில் தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் ‘அத்தை டவுனில் அல்வா தின்றான்’ என்று வரும். தமிழில் வினைமுற்று எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் அது வாக்கியக் கடைசியில் நிற்கிறது. நிரலோ ‘அல்வா’வை மட்டும்தான் பார்க்கிறது. சரி, முந்திய இரண்டு சொல்லைப் பார்க்கச் சொன்னால்? ‘டவுனில் அல்வா’ மூன்று வாக்கியத்திலும் உண்டு, பிழை அப்படியே இருக்கும். மூன்று சொல்லைப் பார்த்தால் பிழை போய்விடும். அப்புறம் கொடுத்த வாக்கியத்தையே திருப்பி ஒப்பிக்கும், புதிதாக ஒன்றும் வராது.

பெரிய உரையைக் கொடுத்தாலும் தமிழில் இந்த ஒப்பித்தல் சீக்கிரம் தலைகாட்டும். அல்வா, அல்வாவை, அல்வாவும் என்று உருபு ஏறிய ஒவ்வொன்றும் நிரலுக்குத் தனிச்சொல். பட்டியல்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான சொற்களுக்கு அடுத்து ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது என்றால் உரை போதாது, அல்லது உருபைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இனி தமிழ்ப் பெயர். ‘சங்கிலி’ வடமொழிச் ‘சிருங்கலா’வின் வழி வந்தது. அதற்கு ஈடான பழந்தமிழ்ச் சொல் ‘தொடர்’. புறநானூறு 74-இல் வரும் ‘தொடர்ப்படு ஞமலி’ சங்கிலியில் கட்டிய நாய்தான். ஆனால் பள்ளிக் கணக்கில் ‘தொடர்’ வேறொன்றுக்குப் பெயராகிவிட்டது, ‘மார்கோவ் தொடர்’ என்றால் குழப்பும். கணிதக் கருத்தைச் ‘சங்கிலி’ என்றே விட்டுவிட்டு, இந்த நிரலை மட்டும் ‘சொல்தொடுப்பி’ என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. பூவுக்கும் பாட்டுக்கும் நாம் சொல்லும் ‘தொடுத்தல்’ இதற்கும் பொருந்துகிறது.