எமுலேட்டரில் பழைய டிவியின் கோடுகளும் வளைவும்

"சூப்பர் நின்டென்டோ விளையாட்டுக்கு ஸ்கேன்லைன் ஃபில்டர் போட்டால் படம் இருண்டுவிடுகிறது, திரை முழுக்கப் பட்டை பட்டையாகவும் தெரிகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருட்டுக்கு ஒரு காரணம், பட்டைக்கு வேறொரு காரணம்.

அமெரிக்க, ஜப்பானிய டிவிகள் 525 கோடுகளை இரண்டு தவணையாக வரைந்தன. இரண்டாம் தவணை அரைக் கோடு தள்ளித் தொடங்குவதால், முதல் தவணை விட்டுவைத்த இடைவெளிகளில் போய் விழும். சூப்பர் நின்டென்டோ அந்த அரைக் கோட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு தவணைக்கும் 262 கோடுகளை அனுப்பியது. அதனால் எல்லாத் தவணைகளும் ஒரே இடத்தில் விழுந்தன. அவற்றில் பெரும்பாலான விளையாட்டுகளின் படம் இருந்தது 224 கோடுகளில்தான். கோடுகளுக்கு நடுவில் எதுவும் வரையப்படாத இடமே நாம் ஸ்கேன்லைன் என்று சொல்லும் இருட்டு.

இங்கேதான் அழகான விஷயம் இருக்கிறது. எலக்ட்ரான் கற்றை திரையில் விழும் புள்ளிக்குக் கூரான விளிம்பு கிடையாது. நடுவில் பளிச்சென்று இருந்து ஓரத்தில் மெல்ல மங்கும். வெளிச்சம் கூடினால் கற்றையில் மின்னோட்டம் கூடும், புள்ளியும் பருக்கும். அதனால் இருண்ட குகைக் காட்சியில் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். வெள்ளை மேகத்தில் அவை தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் முடிவுசெய்யும் சிறு நிரல்தான் ஷேடர். நல்ல ஷேடர் இதைத்தான் கணக்கிடுகிறது:

```glsl
float beam(float d, float lum) {
    float s = mix(0.2, 0.4, lum);
    return exp(-d * d / (2.0 * s * s));
}
```

`lum` என்பது கோட்டின் வெளிச்சம், `s` புள்ளியின் பருமன். `d` என்பது கோட்டின் மையத்திலிருந்து உள்ள தூரம்; அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே அது 0.5. மங்கலான இடத்தில் `s` 0.2 என்றால், அந்த நடுப்புள்ளிக்கு ஒரு கோட்டிலிருந்து சுமார் 4.4 சதவீதம் ஒளி வரும். மேலும் கீழும் சேர்த்தால் 9 சதவீதம். வெள்ளையில் `s` 0.4 ஆகும்போது ஒவ்வொரு பக்கமிருந்தும் 46 சதவீதம், மொத்தம் 92. இடைவெளி ஏறக்குறைய மறைந்தேவிடுகிறது.

படத்தின் மேல் கறுப்புக் கோடுகளை ஒட்டும் எளிய ஃபில்டர், வெள்ளை மேகத்தையும் அதே அளவு வெட்டுகிறது. பாதிப் பரப்பை முழுக் கறுப்பாக்கினால் பாதி ஒளி போய்விடும். இருட்டுக்குக் காரணம் அதுதான். இன்னொரு தவறும் நடப்பதுண்டு: பிக்சலின் எண் மதிப்பைப் பாதியாக்கினால் ஒளி பாதியாகாது, மானிட்டரின் காமா 2.2 என்பதால் சுமார் 22 சதவீதமாகிவிடும். ஆகவே முதலில் மதிப்பை ஒளியளவுக்கு மாற்றி, கற்றைக் கணக்கை முடித்து, கடைசியில் மறுபடி காமா ஏற்ற வேண்டும்.

இனி பட்டை. 1080 பிக்சல் உயரத்தை 224 கோடுகளுக்குப் பங்கிட்டால் ஒரு கோட்டுக்கு 4.82 பிக்சல் வரும். சில கோடுகளுக்கு 5, சிலவற்றுக்கு 4 என்று கிடைப்பதால், மேலிருந்து கீழாக 40 பட்டைகள் உருவாகும். எமுலேட்டர்களை இயக்கும் ரெட்ரோஆர்ச்சில் `Settings > Video > Scaling > Integer Scale` என்பதை இயக்கினால் படம் சரியாக 4 மடங்காக, 896 பிக்சலாக நிற்கும். மேலும் கீழும் 92 பிக்சல் காலியாக இருக்கும். அந்த இழப்பு தாராளமாக ஏற்கத் தக்கது.

ஆனால் வளைவு சேர்த்ததும் இந்த மருந்து பலிக்காது. வளைவுக்கு வழக்கமான கணக்கு இது:

```glsl
p *= vec2(1.0 + p.y*p.y*0.031,
          1.0 + p.x*p.x*0.041);
```

`p` திரையின் நடுவில் 0, ஓரத்தில் 1. இடது, வலது ஓரங்களில் கோடுகள் 4 சதவீதம் நெருங்கும். 4 பிக்சல் இடைவெளி 3.84 ஆகிவிடும். பிக்சல் கட்டத்தோடு இது பொருந்தாமல் மூலைகளில் வில் வில்லாக நிழல்கள் எழும். ஒரு பிக்சலுக்குள்ளேயே செங்குத்தாக மூன்று இடங்களில் `beam` கணக்கிட்டுச் சராசரி எடுப்பதுதான் தீர்வு. 4K மானிட்டரில் ஒரு கோட்டுக்கு 9 பிக்சல் கிடைப்பதால் தொந்தரவு இன்னும் குறையும். முதல் எண்ணை 0 ஆக்கினால் பக்கவாட்டில் மட்டும் வளைந்த டிரினிட்ரான் குழாயின் தோற்றம் வரும். எனக்குக் கோளத்தைவிட இந்த அடக்கமான வளைவே பிடிக்கும்.

செய்து பார்க்க, வீடியோ டிரைவரை `vulkan` அல்லது `glcore` என்று வைத்து, `Quick Menu > Shaders` வழியாக `shaders_slang/crt/crt-geom.slangp` என்பதை ஏற்றுங்கள். முதலில் வளைவை அணைத்துவிட்டு ஒரே சாம்பல் நிறமான காட்சியைப் பாருங்கள். நேர்ப் பட்டை தெரிந்தால் அளவு பொருந்தவில்லை. வளைவை இயக்கிய பிறகு மட்டும் வில் தெரிந்தால் சராசரி போதவில்லை. பிளேஸ்டேஷன் போன்ற முப்பரிமாண விளையாட்டுகளில் கோடே தெரியவில்லை என்றால், எமுலேட்டரின் உள் தெளிவுத்திறன் 4 மடங்காக வைக்கப்பட்டிருக்கும். ஷேடருக்கு 240க்குப் பதில் 960 கோடுகள் போகும். அதை 1 மடங்குக்கு இறக்கினால் கோடுகள் திரும்பிவிடும்.