தோஹ்யோ, கிமரிதே, யோகொசுனா: சுமோ பார்க்க மூன்று சொற்கள்

சுமோ நடக்கும் மண்மேடையின் பெயர் தோஹ்யோ. ஜப்பானிய மொழியில் ‘தோ’ என்றால் மண், ‘ஹ்யோ’ என்றால் வைக்கோல் மூட்டை. மண் நிரப்பிய வைக்கோல் மூட்டைகளைப் பாதிக்கு மேல் புதைத்து 4.55 மீட்டர் விட்டத்தில் வட்டம் கட்டுகிறார்கள். தமிழில் நமக்குக் ‘கோதா’ இருக்கிறது, அதுவே போதும்.

வட்டத்தின் நான்கு திசைகளிலும் ஒரு மூட்டை மட்டும் சற்று வெளியே தள்ளிப் பதிந்திருக்கும். திறந்தவெளியில் போட்டி நடந்த காலத்தில் மழைநீர் வடிய விட்ட வழி அது. பின்னால் தள்ளப்படும் வீரருக்கு அங்கே மூட்டையின் அகலம் அளவுக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும். மூட்டையின் மேல் கால் வைத்தால் தோல்வி இல்லை. அதற்கு வெளியே மண்ணைத் தொட்டால்தான் தோல்வி. வட்டத்துக்குள் என்றால், உள்ளங்கால் தவிர உடலின் வேறெந்தப் பகுதி தரையில் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. வட்டத்தைச் சுற்றி மணலைத் துடைப்பத்தால் சீராக்கி வைப்பதே கால் தடம் தெரியத்தான்.

ஆட்டம் முடிந்ததும் எந்த உத்தியால் வென்றார் என்று அறிவிப்பார்கள், அதுதான் கிமரிதே. ‘கிமரி’ முடிவாவது, ‘தே’ கை. தமிழில் ‘வெற்றி உத்தி’ எனலாம். ‘பிடி’ என்று சொல்லத் தோன்றும், ஆனால் பிடிக்காமல் தள்ளி வெல்வதும் இதில் அடங்கும். அங்கீகரிக்கப்பட்டவை 82. அடிக்கடி கேட்கப்போவது ‘யோரிகிரி’: எதிராளியின் இடுப்புக்கச்சையைப் பற்றி, மார்போடு மார்பு ஒட்டி, வெளியே நடத்திக்கொண்டு போவது. அதே ஆட்டத்தில் கச்சையைப் பிடிக்காமல் கைகளால் நெட்டித் தள்ளியிருந்தால் ‘ஒஷிதாஷி’. தள்ளப்பட்டவர் விளிம்பு மூட்டையில் காலை ஊன்றி, பின்னால் வளைந்து, துரத்தி வந்தவரைத் திருப்பி வெளியே எறிந்தால் ‘உட்சாரி’. இந்தக் கடைசி நொடியில் இருவரும் சேர்ந்தே விழுவதுண்டு. அப்போது கீழே அமர்ந்திருக்கும் ஐந்து நடுவர்கள் மேடையேறிக் கலந்து பேசுவார்கள். முடிவு சொல்ல முடியாவிட்டால் மறு ஆட்டம்.

யோகொசுனா மிக உயர்ந்த தரநிலை. ‘யோகொ’ குறுக்கு, ‘சுனா’ கயிறு. இந்நிலையை எட்டியவர் மட்டும் மேடையேறும் சடங்கில் இடுப்பில் கட்டும் தடித்த வெள்ளைக் கயிற்றைக் குறிக்கும் சொல். ஆட்டத்தின்போது அது இருக்காது, அதனால் கயிற்றைப் பார்த்து ஆளைத் தேடாதீர்கள். ‘மாமல்லர்’ என்பது நல்ல தமிழ். அடுத்த நிலையான ஓசெகியாக இருந்து தொடர்ந்து இரண்டு போட்டித்தொடர்களில் பட்டம் வெல்வதோ, அதற்கு இணையாக ஆடுவதோ தகுதி. ஓசெகி தொடர்ந்து இரண்டு தொடர்களில் பாதிக்கு மேல் தோற்றால் கீழிறங்குவார். யோகொசுனாவுக்குக் கீழிறக்கம் கிடையாது. ஆட்டம் தளர்ந்தால் ஓய்வு பெறுவதே வழி. ஆகவேதான் முதல் சில நாட்களிலேயே தோல்விகள் சேர்ந்தால் அவர் காயத்தைச் சொல்லித் தொடரிலிருந்து விலகுவதை அடிக்கடி காண்பீர்கள்.