அதிகாரம் யார் கையில்? எப்படித் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது

பினாங்கில் அரசியல் சமூகவியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் உயர்குழுக் கோட்பாட்டையும் பன்மைவாதத்தையும் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். முன்னது சிலர் கையில்தான் அதிகாரம் என்கிறது, பின்னது பலரிடம் பரவிக் கிடக்கிறது என்கிறது. தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்தச் சண்டையின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது: அதிகாரத்தை எந்த முறையில் தேடுவது?

1953இல் ஃபிளாய்ட் ஹண்டர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் அட்லாண்டா நகரைப் பற்றி எழுதிய நூல், உயர்குழுக் கோட்பாட்டின் பக்கம் நின்று ஒரு வழியைக் காட்டியது. வணிகர் சங்கம், குடிமக்கள் அமைப்புகள் போன்றவற்றிலிருந்து 175க்கும் மேற்பட்ட பெயர்களைத் திரட்டினார். ஊரை நன்றாக அறிந்த 14 பேரிடம் கொடுத்து, இவர்களில் யார் செல்வாக்கு மிக்கவர் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். கடைசியில் 40 பேர் மிஞ்சினார்கள். அவர்களில் வணிகத்துறையினரே அதிகம். ஆக, ஊரை ஆள்வது அந்தச் சிறு வட்டம் என்றார்.

பன்மைவாதியான ராபர்ட் டால் இதை ஏற்கவில்லை. யாருக்குச் செல்வாக்கு என்று கேட்டால் செல்வாக்கு உண்டு என்று பேர் வாங்கியவர் யார் என்றுதான் தெரியும், உண்மையில் செல்வாக்கு உள்ளவர் யார் என்று தெரியாது என்பது அவருடைய வாதம். நியூ ஹேவன் என்ற அமெரிக்க நகரில் அவர் மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டார்: நகர மறுசீரமைப்பு, பள்ளிக் கல்வி, கட்சி வேட்பாளர் தேர்வு. ஒவ்வொரு முடிவிலும் யார் முன்மொழிந்தார், யார் எதிர்த்தார், யார் சொன்னது நடந்தது என்று ஆராய்ந்தார். ஒரு துறையில் முன்னணியில் நின்றவர்கள் அடுத்த துறையில் பெரும்பாலும் காணப்படவில்லை. மேயர் ரிச்சர்ட் லீ போன்ற மிகச் சிலர்தான் விதிவிலக்கு. 1961இல் வந்த நூலின் முடிவு: ஊரை ஆளும் ஒற்றைக் குழு கிடையாது.

என் பார்வையில், இந்த நூலில் மிக முக்கியமான தகவல் அந்த முடிவு அல்ல. மறுசீரமைப்புக்கு ஆதரவு திரட்ட மேயர் ஒரு குடிமக்கள் குழுவை அமைத்தார். வங்கியாளர்கள், வணிகர்கள், தொழிற்சங்கத்தினர், யேல் பல்கலைக்கழகத்தினர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்தக் குழு மேயரின் திட்டங்களைத் தீவிரமாக எதிர்க்கவே இல்லை. ஏன்? அவர்கள் எதை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கணித்துத்தான் மேயர் தரப்பு திட்டங்களை வகுத்தது. இதை டாலே எழுதியிருக்கிறார். அப்படியென்றால், வாய் திறக்காமலே ஒரு திட்டத்தின் எல்லையைக் குறித்தவர்களுக்கு அதிகாரம் உண்டா இல்லையா? கூட்டக் குறிப்புகளில் அதைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

பீட்டர் பாக்ரக்கும் மார்ட்டன் பாரட்ஸும் 1962இல் டால் முறையில் சுட்டிக்காட்டிய ஓட்டை இதற்கு அருகில்தான் இருக்கிறது. சில பிரச்சினைகள் மேசைக்கே வராமல் தடுப்பதும் அதிகாரம் என்றார்கள். சரி, மேசைக்கு வராததை எப்படி ஆராய்வது? மேத்யூ கிரென்சன் 1971இல் ஒரு வழி காட்டினார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எஃகு நகரங்கள். இரண்டிலும் காற்று மாசு கடுமை. கிழக்கு சிகாகோ 1949இலேயே காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. கேரி 1962 வரை இழுத்தது. கேரியில் யு.எஸ். ஸ்டீல் என்ற ஒற்றை நிறுவனத்தின் ஆதிக்கம், கிழக்கு சிகாகோவில் பல நிறுவனங்கள். அந்த ஒற்றை நிறுவனம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதன் மௌனத்தையும் பேரையும் பார்த்தே மற்றவர்கள் தயங்கினார்கள் என்பது கிரென்சனின் விளக்கம்.

இதை பினாங்கில் பொருத்திப் பார்க்கலாம். தெற்குக் கடலைத் தூர்த்துத் தீவு அமைக்கும் திட்டம் டால் முறைக்கு நன்றாகவே அகப்படும். மாநில அரசு முன்மொழிந்தது, மீனவர்கள் எதிர்த்தார்கள், 2021இல் மேல்முறையீட்டு வாரியம் சுற்றுச்சூழல் ஒப்புதலை ரத்து செய்தது, 2023இல் மறுபடி ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு மூன்று தீவுகள் ஒன்றாகச் சுருங்கின. யார் எந்தக் கட்டத்தில் ஜெயித்தார் என்று கணக்குப் போடலாம். ஆனால் எந்த நிபந்தனைகள் பேச்சுக்கே வரவில்லை என்பது அந்தக் கணக்கில் வராது.

மேசைக்கு வராத விஷயத்துக்கு உதாரணம் கேட்டால், மாணவர்கள் உடனே ஊராட்சித் தேர்தலைச் சொல்வார்கள். 1965இல் நிறுத்தப்பட்ட அது இன்றுவரை திரும்பவில்லை, மாநகர மன்ற உறுப்பினர்கள் நியமனம்தான். ஆனால் இது பொருத்தமான உதாரணம் அல்ல. 2012இல் பினாங்கு சட்டமன்றம் அதற்காகச் சட்டமே இயற்றியது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. பிரச்சினை மேசைக்கு வந்தது, அங்கே தோற்றது. ஒரு பிரச்சினை மௌனமாக அமுக்கப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால், அதே பாதிப்பு உள்ள இன்னோர் ஊரில் அது பேசப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஓர் ஊரைக் காட்டாவிட்டால் எந்தப் பேசாமையையும் யார் அதிகாரத்தின் தலையிலும் கட்டிவிடலாம். மக்களுக்கே அக்கறை இல்லாதிருந்தால்கூட.